பூல் எட்டே வருஷத்துல காலியாகுது, ஆவரேஜ் லைஃப் 3.84 வருது. டாக்குமென்ட்ல 5.9 இருக்கு. எங்க தப்பு?

தண்டையார்பேட்டை தம்பி

எல்லாருக்கும் வணக்கம். மண்ணடியில ஒரு சின்ன முதலீட்டு ஆலோசனை ஆபீஸ்ல ஒன்றரை வருஷமா வேலை பாக்கறேன். எங்க வாடிக்கையாளர் ஒருத்தர், நிறைய வீட்டுக் கடன்களை ஒண்ணா சேர்த்த பூல் மேல வந்த பிடிசி, அதாவது அந்தக் கடன்களோட தவணைப் பணத்துல பங்கு தர்ற பத்திரம், வாங்கலாமான்னு கேட்டிருக்கார். அந்த டாக்குமென்ட்ல "12 சதவீத சிபிஆர்-ல ஆவரேஜ் லைஃப் 5.9 வருஷம்"னு ஒரே வரி போட்டிருக்கு. சிபிஆர்னா நிலுவையில வருஷத்துக்கு எத்தனை சதவீதம் தவணைக்கு மேல முன்கூட்டி வருதுங்கற வேகம், ஆவரேஜ் லைஃப்னா அசல் சராசரியா எத்தனை வருஷம் உள்ளே நிக்கும்ங்கறது. "அந்த 5.9 எப்படி வருதுன்னு நீயே போட்டுக் காட்டு, அப்புறம் பேசலாம்"னு எங்க சார் சொல்லிட்டார்.

புரியறதுக்காக எண்ணை எளிசா வச்சுக்கறேன். பூல் 100 கோடி, வட்டி 9 சதவீதம், எல்லாக் கடனும் இன்னும் 240 மாசம். மொத்த பூலுக்கும் சேர்த்து இஎம்ஐ மாசம் 89.97 லட்சம். நான் போட்ட ஷீட் கோடி கணக்குல இதுதான். A மாச நம்பர், B தொடக்க நிலுவை, C வட்டி, D தவணையில வர்ற அசல், E ப்ரீபேமென்ட்.

```
C2: =B2*0.09/12
D2: =0.899726-C2
E2: =(B2-D2)*(1-(1-0.12)^(1/12))
B3: =B2-D2-E2
```

இதைக் கீழே இழுத்துட்டே போனா 96-வது மாசக் கடைசியில நிலுவை மைனஸ் ஏழு லட்சம் சொச்சத்துக்குப் போயிடுது. அதாவது எட்டு வருஷத்துல பூலே இல்ல. ஒவ்வொரு மாச அசலையும் மாச நம்பரால பெருக்கிக் கூட்டி, 100-ஆல வகுத்து, 12-ஆல வகுத்தா 3.84 வருஷம். ரெண்டு நாளா பாத்துட்டேன், தப்பு கண்ணுல படல. யாராவது சொல்லுங்க.

பெரம்பூர் பிரபு

தம்பி, அந்த 1/12 அடுக்கெல்லாம் எதுக்கு? வருஷத்துக்கு 12-ன்னா மாசத்துக்கு 1 சதவீதம். அதைப் போட்டுப் பாரு. இன்னொண்ணு, ஆவரேஜ் லைஃப்னா பாதிப் பணம் கைக்குத் திரும்புற நாள். அதுக்கு இவ்ளோ பெருக்கல் தேவையே இல்ல. நிலுவை 50 கோடி ஆகுற மாசம் எதுன்னு ஷீட்ல தேடினாலே போதும்.

ஒண்ணு மட்டும் நீ சரியா பண்ணியிருக்க. தவணை அசலைக் கழிச்ச பிறகு மிச்சம் இருக்கறதுமேலதான் ப்ரீபேமென்ட் போடணும். நிறைய பேர் தொடக்க நிலுவை மேலேயே போட்டுடறாங்க.

திருவொற்றியூர் பெரியவர்

தம்பி, நான் துறைமுகத்துல இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இந்த ஷீட் எல்லாம் தெரியாது. ஆனா ஒரு சந்தேகம். எட்டு வருஷத்துல கடன் தீருதுன்னா நல்ல விஷயம்தானே? என் பையன் 20 வருஷத்துக்குக் கடன் வாங்கினான். வருஷா வருஷம் போனஸ் வந்ததும் கொஞ்சம் கட்டிடறான், சீட்டு எடுத்தா அதையும் கொண்டுபோய்க் கட்டறான். 11 வருஷத்துல தீர்ந்துடும்னு பேங்க்ல சொன்னாங்களாம். அதை எதுக்கு நீங்க தப்புன்னு சொல்றீங்க?

பழைய வண்ணை அக்கா

பெரியவருக்கு முதல்ல. ஐயா, கடன் வாங்கினவங்க பக்கம் இருந்து பாத்தா சீக்கிரம் தீர்றது நல்லதுதான். தம்பி பேசறது அந்தக் கடன்களோட தவணைப் பணத்தை வாங்கிக்கற முதலீட்டாளர் பக்கம். அவருக்கு 9 சதவீதம் சம்பாதிக்கிற பணம் எத்தனை வருஷம் உள்ளே நிக்கும்ங்கறதுதான் கேள்வி. நினைச்சதைவிட சீக்கிரம் பணம் திரும்பி வந்தா, அதை அன்னிக்கு இருக்கற வட்டிக்குத்தான் வேற எங்கயாவது போடணும். உங்க பையன் கதையை மறக்காம வச்சுக்கோங்க, அது இந்தக் கேள்விக்கு ரொம்ப வேண்டியது. நான் திரும்ப வர்றேன்.

தம்பி, உன் தப்பு D2-ல இருக்கு. 0.899726-ஐ நிலையா வச்சுட்ட. முதல் மாசம் அது சரி. ரெண்டாவது மாசம் சரியில்ல.

பூல்ல 1000 வீடு இருக்குன்னு வச்சுக்க. முதல் மாசத்துல 1.06 சதவீதம் பணம் முன்கூட்டி வந்ததுன்னா, மாடல் சொல்றது என்னன்னா பத்துப் பதினோரு வீட்டுக்காரங்க லோனை மொத்தமா க்ளோஸ் பண்ணிட்டுப் பத்திரத்தை வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு. போனவங்க அடுத்த மாசம் இஎம்ஐ கட்ட மாட்டாங்க. மிச்சம் 989 வீட்டு இஎம்ஐ மட்டும்தான் வரும். நீ போனவங்களையும் சேர்த்து 89.97 லட்சத்தை மாசா மாசம் வசூல் பண்ற. அதான் பூல் எட்டு வருஷத்துல வறண்டுடுது.

முதல் ரெண்டு மாசத்தைக் கையாலயே போட்டுப் பார்ப்போம். முதல் மாசம் தொடக்கம் 100 கோடி. வட்டி 75 லட்சம், இஎம்ஐ 89.97 லட்சம், ஆக தவணை அசல் 14.97 லட்சம். மிச்சம் 99.85 கோடி மேல 1.0596 சதவீதம் ப்ரீபேமென்ட், அது 105.80 லட்சம். மொத்தம் கைக்கு வர்றது 195.78 லட்சம், கடைசி நிலுவை 98.79 கோடி. இதுவரைக்கும் உன் ஷீட்டும் இதேதான் சொல்லும். ரெண்டாவது மாசம் வட்டி 74.09 லட்சம். இஎம்ஐ 89.97 இல்ல, 89.02 லட்சம். தவணை அசல் 14.93, ப்ரீபேமென்ட் 104.52, மொத்தம் 193.54 லட்சம். உன் ஷீட்ல ரெண்டாவது மாசத் தவணை அசல் 15.88 இருக்கும், பாரு. ஒரு லட்சம் கூட வித்தியாசம் இல்லையேன்னு தோணும். ஆனா அது மாசா மாசம் ஏறும்.

```
D2: =0.899726*(1-0.12)^((A2-1)/12)-C2
```

இந்த ஒரு வரியை மாத்து. மாச நம்பர் 1-ல இருந்து தொடங்கட்டும்.

இன்னொரு அடையாளமும் சொல்றேன், அடுத்த தடவை உனக்கே தெரியும். நிலையான சிபிஆர் மட்டும் போட்ட பூல், எந்த விகிதம் போட்டாலும் 240-வது மாசத்துக்கு முன்னாடி முழுசா முடியாது. ஒவ்வொரு மாசமும் இருக்கறதுல ஒரு பங்குதான் போகுது, எப்பவும் கொஞ்சம் மிஞ்சும். நடுவுலயே பூஜ்யத்தைத் தாண்டிப் போச்சுன்னா இஎம்ஐ வரியைத்தான் முதல்ல பாக்கணும்.

பிரபு, நீங்க சொன்னது ரெண்டுலயும் எனக்கு உடன்பாடு இல்ல. மாசம் 1 சதவீதம்னு எடுத்தா, 12 மாசம் கழிச்சு மிஞ்சறது 0.99-ஐ 12 தடவை பெருக்கினது. அது 88.64 சதவீதம். அப்போ வருஷத்துக்குப் போனது 11.36, 12 இல்ல. அதை வச்சுப் போட்டா ஆவரேஜ் லைஃப் 6.12 வரும், 5.91-க்குப் பதிலா. ரெண்டரை மாசம் தள்ளிடும். ரெண்டாவது, பாதிப் பணம் வர்ற நாளும் ஆவரேஜ் லைஃபும் ஒண்ணு இல்ல. இந்தப் பூல்ல 55-வது மாசக் கடைசியில நிலுவை 50 கோடிக்கு வந்துடும், அதாவது நாலு வருஷம் ஏழு மாசம். ஆவரேஜ் லைஃப் அதைவிட ஒண்ணேகால் வருஷத்துக்கும் மேல அதிகம். ஏன்னா வால் நீளம். பத்து வருஷம் கழிச்சும் 19.78 கோடி உள்ளே நிக்கும். அந்த வால்ல வர்ற ஒவ்வொரு ரூபாயும் பெரிய மாச நம்பரால பெருக்கப்படுது.

தண்டையார்பேட்டை தம்பி

அக்கா, அப்படியே வந்துடுச்சு! 70.87 மாசம், 5.91 வருஷம். 60-வது மாசக் கடைசியில நிலுவை 46.81 கோடி. ரெண்டு நாள் தூக்கம் போச்சு, ஒரே ஒரு செல்.

சும்மா இருக்க முடியாம சிபிஆரை மாத்தி மாத்திப் போட்டேன். பூஜ்யம் போட்டா 12.88 வருஷம். 6 போட்டா 8.47. 12-க்கு 5.91. 18-க்கு 4.35. நான் ஒரே சீரா இறங்கும்னு நினைச்சேன். முதல் 6 சதவீதம் நாலு வருஷம் அஞ்சு மாசத்தைச் சாப்பிட்டுடுது, அடுத்த 6 ரெண்டரை வருஷத்தை, அதுக்கு அடுத்த 6 ஒன்றரை வருஷத்தை. டாக்குமென்ட்ல 12 மட்டும்தான் கொடுத்திருக்காங்க. 12-ன்னு சொல்லி 6-தான் வந்தா வாடிக்கையாளரோட பணம் ரெண்டரை வருஷம் கூடுதலா மாட்டிக்கும். 18 வந்தா ஒன்றரை வருஷம்தான் குறையும். ஏத்தமும் இறக்கமும் சமமா இல்லன்னு எங்க சார்கிட்ட இதைத்தான் சொல்லணும்னு இருக்கேன்.

பழைய வண்ணை அக்கா

அதைக் கட்டாயம் சொல்லு. மெதுவா போற பக்கம்தான் வலி அதிகம்.

ஷீட்டைச் சரிபாக்க எனக்கு ஒரு சின்ன வழி உண்டு. மாச நம்பரால பெருக்கறதை விட்டுட்டு, வட்டி வரிசையை மட்டும் கடைசி வரைக்கும் கூட்டு. 12 சதவீதத்துக்கு 53.15 கோடி வரணும். அதை ஒரு வருஷ முழு வட்டியால, அதாவது 100 கோடிக்கு 9 கோடியால வகுத்துப் பாரு. 5.91. ப்ரீபேமென்டே இல்லாத பூலுக்கு மொத்த வட்டி 115.93 கோடி, அதை 9-ஆல வகுத்தா 12.88. வட்டி வர்றதே பணம் உள்ளே நிக்கற காலத்துக்குத்தானே. அதனால வட்டியைக் கூட்டினா காலம் தானா வெளிய வந்துடும். ரெண்டு வழியிலயும் ஒரே எண் வரலன்னா எங்கயோ ஒரு வரிசை நகர்ந்திருக்குன்னு அர்த்தம். வட்டி விகிதம் நடுவுல மாறாத பூலுக்குத்தான் இது பொருந்தும்.

தண்டையார்பேட்டை தம்பி

அக்கா, அந்த வழியில போட்டா எனக்கு 5.25 வருதே? அசல் வழியில 5.91 தான் வருது. டாக்குமென்ட்ல முதலீட்டாளருக்கு 8 சதவீதம்னு இருக்கு, அதனால வட்டி வரிசையை 8-ல போட்டுக் கூட்டினேன், 47.25 கோடி.

பழைய வண்ணை அக்கா

47.25-ஐ 9-ஆல வகுத்திருக்க. 8-ல கூட்டினா 8-ஆலயே வகுக்கணும், திரும்பவும் 5.91 வரும். ஆனா ஒண்ணு கவனி. நிலுவை எப்படி இறங்குதுங்கறதை முடிவு பண்றது கடன்காரங்க கட்டற 9-தான். நடுவுல வசூல் பண்ற செலவுக்கும் மத்ததுக்கும் போக முதலீட்டாளருக்கு 8. இஎம்ஐ கணக்குல 8-ஐப் போட்டுடாத, அசல் இறங்கற வேகமே மாறிடும்.

பெரம்பூர் பிரபு

அக்கா, 1 சதவீத விஷயமும் பாதிப் பண விஷயமும் ஒத்துக்கறேன், போட்டுப் பாத்தேன், நீங்க சொன்னதுதான் சரி. ஆனா இஎம்ஐ விஷயத்துல எனக்கு இன்னும் மனசு ஒப்பல. நம்ம பக்கத்துல யாரு மொத்தமா க்ளோஸ் பண்றாங்க? பெரியவர் பையன் மாதிரிதான் எல்லாரும். ஐம்பதாயிரம், ஒரு லட்சம்னு பார்ட் பேமென்ட் கட்டுவாங்க. இஎம்ஐ அப்படியே இருக்கும், வருஷம்தான் குறையும். அப்படிப் பாத்தா தம்பி முதல்ல போட்ட ஷீட்தானே நிஜ வாழ்க்கை? அமெரிக்காக்காரன் மாடலை நம்ம ஊருக்கு எதுக்கு இழுக்கணும்?

பழைய வண்ணை அக்கா

பிரபு, இது நல்ல கேள்வி. நானும் வேலையில சேர்ந்த புதுசுல இதே இடத்துலதான் முட்டிக்கிட்டு நின்னேன். பெரியவர் பையன் கதையை வச்சுக்கோங்கன்னு சொன்னதும் இதுக்குத்தான்.

பார்ட் பேமென்ட் கட்டினவர் பூலை விட்டுப் போகல. அவர் இஎம்ஐ அப்படியே வருது, ஆனா அவர் நிலுவை குறைஞ்சுடுச்சு. அதனால அதே இஎம்ஐ-ல வட்டிப் பங்கு சுருங்கி அசல் பங்கு பெருசாகுது. முதல்ல ஒரு தடவை அசலைக் குறைச்சார், அதுக்கப்புறம் மாசா மாசம் அந்த விளைவு வளர்ந்துக்கிட்டே வருது. பூல்ல வர்ற ப்ரீபேமென்ட் மொத்தமும் இப்படிப்பட்ட பார்ட் பேமென்ட்டாவே இருந்து, ஒருத்தர்கூட க்ளோஸ் பண்ணலன்னா, தம்பியோட பழைய ஷீட் சரிதான். 96 மாசம், 3.84 வருஷம். எல்லாமே முழு க்ளோஷர்னா 5.91. நிஜம் நடுவுல எங்கயோ இருக்கு.

அதனால தம்பி ஷீட்டை "தப்பு"ன்னு நான் சொன்னதை ஒரு படி திருத்திக்கறேன். டாக்குமென்ட்ல இருக்கற 5.9-ஐ வரவழைக்க அது தப்பு, ஏன்னா சிபிஆர்ங்கற பேர்ல எல்லாரும் போடற கணக்கு மிச்சம் இருக்கற கடன்களோட அட்டவணை மாறாதுன்னு வச்சுத்தான் நடக்குது. ஆனா அது வேற ஒரு பூலோட சரியான கணக்கு.

இப்ப இதுல இருக்கற ஆபத்து. பூல்ல எல்லாரும் பார்ட் பேமென்ட் மட்டும் கட்டறாங்க, உண்மையில புதுசா வர்ற பணம் 12 சதவீத வேகத்துலதான்னு வச்சுக்க. அஞ்சு வருஷம் கழிச்சு நிலுவை 33.92 கோடி இருக்கும். ஒருத்தர் பழைய அட்டவணையையே கையில வச்சுக்கிட்டு 61-வது மாசத்து சிபிஆரைக் கணக்கு பண்றார். அவர் அட்டவணைப்படி அந்த மாசம் வர வேண்டிய அசல் 9 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. வந்தது 99.79 லட்சம். இதுல 64.53 லட்சம் சாதாரண இஎம்ஐ-ல வந்த அசல், 35.26 லட்சம்தான் நிஜமா முன்கூட்டிக் கட்டினது. ஆனா அவர் கணக்குல 9 லட்சத்துக்கு மேல வந்தது எல்லாமே ப்ரீபேமென்ட். அதைச் சிபிஆர் ஆக்கினா 28 சதவீதம் வரும். 12 எங்க, 28 எங்க! "சனங்க திடீர்னு வேகமா கட்ட ஆரம்பிச்சுட்டாங்க"ன்னு அறிக்கை எழுதுவார். யாரும் வேகம் எடுக்கல, அட்டவணைதான் பழசு. வட்டி குறையாத காலத்துலயும் ஒரு பூலோட சிபிஆர் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போனா, எனக்கு முதல்ல இந்தச் சந்தேகம்தான் வரும்.

கொளத்தூர் செல்வி

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் இதுக்குச் சம்பந்தமான ஆள் இல்ல, வீட்டுக் கடன் கட்டற ஆள். இஎம்ஐ மாறாது, வருஷம்தான் மாறும்னு படிச்சதும் எங்க கதை ஞாபகம் வந்துடுச்சு.

2021 ஜூன்ல 20 லட்சம் வாங்கினோம், 7 சதவீதம், 20 வருஷம், இஎம்ஐ 15,506. அப்புறம் ரெப்போ ஏறுச்சுன்னு வட்டியை ஏத்திக்கிட்டே போனாங்க, கடைசியில 9.5 ஆயிடுச்சு. இஎம்ஐ மட்டும் அதேதான். எங்களுக்கும் ஒண்ணும் தெரியல. 2023-ல ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாத்தா நிலுவை 19 லட்சத்து 40 ஆயிரம், அந்த மாச வட்டி 15,358, அசல்ல கழிச்சது 148 ரூபாய். நூத்தி நாப்பத்தெட்டு! நான் கண்ணாடியைத் துடைச்சுட்டுத் திரும்பவும் பாத்தேன். கீழே மிச்சத் தவணை எத்தனை மாசம்னு போட்டிருந்த இடத்துல இருந்த எண்ணைப் பாத்து வீட்டுக்காரர் அப்படியே உக்காந்துட்டார். நாங்க கட்டற பணம் எங்கதான் போகுது?

பழைய வண்ணை அக்கா

செல்விம்மா, நீங்க சம்பந்தமில்லாத ஆள் இல்ல, இந்தக் கணக்குல இன்னொரு ஓட்டையைக் காட்டிட்டீங்க.

பணம் வட்டிக்குத்தான் போகுது. 19.40 லட்சத்துக்கு 9.5 சதவீதம்னா மாச வட்டியே 15,358. இஎம்ஐ-யை ஏத்தாம காலத்தை நீட்டினா மிஞ்சறது அவ்வளவுதான். 2022 மே மாசத்துல இருந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ 4-ல இருந்து 6.5-க்குப் போச்சு. அந்தச் சமயத்துல கடன் ஆரம்பிச்சு கொஞ்ச நாளே ஆன நிறைய பேருக்கு இதே நிலைமை. சிலருக்கு இஎம்ஐ வட்டிக்கே பத்தல, நிலுவை மேல ஏறுச்சு. 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி இதுக்காகவே ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது இஎம்ஐ-யை ஏத்தறதா, காலத்தை நீட்டறதா, ரெண்டும் கலந்தான்னு கடன்காரங்ககிட்ட கேக்கணும், நீட்டினாலும் இஎம்ஐ அந்த மாச வட்டியையாவது ஈடுகட்டணும். நீங்க எழுத்துல கேட்டு இஎம்ஐ-யை ஏத்திக்கலாம், முடிஞ்ச தொகையை பார்ட் பேமென்ட்டா கட்டலாம். ஃப்ளோட்டிங் வட்டியில தனிநபர் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினா அபராதம் வாங்கக் கூடாது, அது 2012-லயே பேங்குகளுக்குச் சொல்லப்பட்டது.

தம்பி, உனக்கு இதுல என்னன்னா, உன் ஷீட்ல வட்டி 240 மாசமும் 9. செல்விம்மா மாதிரி ஆயிரம் பேர் இருக்கற பூல்ல வட்டி ரெண்டரை சதவீதம் ஏறி இஎம்ஐ நின்னுட்டா, தவணை அசல்ங்கற வரிசை கிட்டத்தட்ட பூஜ்யமாயிடும். சிபிஆர் அதே 12 இருந்தாலும் ஆவரேஜ் லைஃப் நீளும். அமெரிக்காவுல நிலை வட்டிக் கடன்தான் பெரும்பாலும், அங்க வட்டி இறங்கினா சனங்க பழைய கடனை அடைச்சுப் புதுசு வாங்கறாங்க, ப்ரீபேமென்ட் பாயுது. ப்ரீபேமென்ட் வேகத்துக்கு அவங்க வச்சிருக்கற பிஎஸ்ஏ அளவுகோல்ல முதல் மாசம் 0.2-ல ஆரம்பிச்சு 30-வது மாசம் 6 சதவீதத்துக்கு ஏத்திட்டுப் போறாங்க, புதுக்கடன்காரன் உடனே அடைக்க மாட்டான்னு. நம்ம டாக்குமென்ட் முதல் மாசத்துல இருந்தே 12-னு தட்டையா போடுது. கடன்கள் எத்தனை மாசம் பழசுன்னு பாக்காம அதை நம்பாத.

வியாசர்பாடி வேலு

நான் ஒரு கடன் நிறுவனத்துல கடன் கணக்கு பாக்கற பக்கம் இருந்தவன், பேர் வேண்டாம். அக்கா சொன்ன பார்ட் பேமென்ட் விஷயத்துல கவுண்டர்ல நடக்கறதைச் சொல்றேன்.

ஒருத்தர் செக் கொண்டுவந்து "ஒரு லட்சம் அசல்ல கழிச்சுக்கோங்க"ம்பார். இஎம்ஐ குறைக்கணுமா காலத்தைக் குறைக்கணுமான்னு ஒரு ஃபாரம்ல கட்டம் இருக்கும். நாங்க இருந்த இடத்துல அவர் எதையும் டிக் பண்ணலன்னா காலம்தான் குறையும், சிஸ்டம் அப்படித்தான் எடுத்துக்கும். பாதிப் பேர் டிக் பண்ண மாட்டாங்க. வேற பேங்குக்கு மாத்திக்கிட்டுப் போறவங்க முழு க்ளோஷர், அதுல குழப்பம் இல்ல. ஆனா மாசக் கடைசியில பூலுக்குப் போற அறிக்கையில க்ளோஷரும் பார்ட் பேமென்ட்டும் "ப்ரீபேமென்ட்"னு ஒரே எண்ணாத்தான் போகும். யாரும் பிரிச்சுக் கேட்டதே இல்ல. அதே சமயம் எதிர்கால அட்டவணையை மாசா மாசம் கடன் கடனா புதுசா எடுத்து அனுப்பினோம். அதனால அக்கா சொன்ன 28 சதவீதக் கதை எல்லா இடத்துலயும் நடக்காது. அட்டவணை புதுசா வருதா, பழசே ஓடுதான்னு பாத்தாதான் தெரியும்.

பெரம்பூர் பிரபு

வேலு, அப்போ அட்டவணை புதுசா வந்துடுச்சுன்னா அந்த 12 சுத்தமான 12, அதை டாக்குமென்ட் மாடல்ல போட்டா சரியா வந்துடும், இல்லையா?

வியாசர்பாடி வேலு

கடந்த மாசத்துக்குச் சரியா வரும். வரப்போற மாசங்களுக்குப் போடும்போது திரும்பவும் அதே கேள்விதான். இனிமே வரப்போற 12-ல எவ்வளவு இஎம்ஐ-யைத் தூக்கிட்டுப் போகும், எவ்வளவு விட்டுட்டுப் போகும்? அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

தண்டையார்பேட்டை தம்பி

வேலு அண்ணா எழுதினதைப் படிச்சதும் பாதிப் பாதி போட்டுப் பாத்தேன். மாசாமாசம் வர்ற 1.06 சதவீதத்துல பாதி முழு க்ளோஷர், பாதி பார்ட் பேமென்ட். க்ளோஷர் பாதி மட்டும் இஎம்ஐ-யைக் குறைக்குது.

```
D2: =0.899726*(1-(1-(1-0.12)^(1/12))/2)^(A2-1)-C2
```

3.84-க்கும் 5.91-க்கும் நடுவுல, 4.9 பக்கம் வரும்னு நினைச்சேன். 4.51 வருது. பூல் 128-வது மாசத்துல முடியுது. பாதிப் பேர் பார்ட் பேமென்ட் கட்டினாலே மூணுல ரெண்டு பங்கு தூரம் 3.84 பக்கம் இழுத்துடுது. அக்கா, இது சரியா? எங்கயாவது திரும்பவும் தப்பு பண்ணிட்டேனா?

பழைய வண்ணை அக்கா

நானும் தனியா போட்டேன், 54.17 மாசம், 4.51. சரி. கொஞ்சம் பார்ட் பேமென்ட்டே அவ்வளவு வேகமா இழுக்குது, ஏன்னா இஎம்ஐ குறையாம நிக்கறது வால் பக்கத்தைத்தான் முதல்ல வெட்டுது, ஆவரேஜ் லைஃப் அந்த வால் மேலதான் நிக்குது.

தண்டையார்பேட்டை தம்பி

நன்றி அக்கா. இன்னிக்கு மதியம் அந்தப் பூலை அனுப்பினவங்களுக்கு எழுதிட்டேன். கடந்த 24 மாசத்துக்கு க்ளோஷர் எவ்வளவு, பார்ட் பேமென்ட் எவ்வளவு, அதுல காலம் குறைச்சது எவ்வளவுன்னு பிரிச்சுக் கேட்டேன். கடன்கள் சராசரியா எத்தனை மாசம் பழசுன்னும் கேட்டேன். சாயங்காலம் பதில் வந்துச்சு, கடைசிக் கேள்விக்கு மட்டும். மத்ததுக்கு மொத்த ப்ரீபேமென்ட் எண் ஒண்ணே ஒண்ணு மாசா மாசம் அனுப்பறோம்னு சொல்லியிருக்காங்க.

எங்க சார்கிட்ட நாளைக்கு 5.91-ஐயும் 4.51-ஐயும் பக்கத்துப் பக்கத்துல வைக்கப் போறேன். வேலு அண்ணா, கடன் கடனா ஃபைல் கிடைச்சா, ஒவ்வொரு கணக்குலயும் பார்ட் பேமென்ட்டுக்கு அப்புறம் இஎம்ஐ மாறுச்சா இல்லையான்னு நிலுவையும் தவணையும் பாத்தே கண்டுபிடிச்சுட முடியுமா? அப்படி யாராவது பண்ணியிருந்தா ஃபைல்ல எந்தெந்த வரிசையெல்லாம் கேக்கணும்னு சொல்லுங்க, திரும்ப எழுதிக் கேக்கறேன்.